பார்லர் இணையதளம்: விலைப்பட்டியலிலிருந்து பொத்தான் வரை

அழகு நிலையம் நடத்துபவர்கள் கூடுமிடத்தில் இணையதளம் பற்றிய பேச்சு எழுந்தால் இரண்டு கருத்துகள் பெரும்பாலும் காதில் விழும். “வெப்சைட் போட்டால் கூட்டம் வரும்” என்பது ஒன்று. “இன்ஸ்டாகிராம் இருக்கும்போது வெப்சைட் எதற்கு” என்பது மற்றொன்று. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம்தான்: ஆளைக் கூட்டிவருவது இணையதளத்தின் வேலை என்று இருவருமே நினைக்கிறார்கள். உண்மையில் ஆள் வேறு வழியாக வந்துவிடுகிறார். கூகுள் மேப்பில் ‘லேடீஸ் பார்லர்’ என்று தேடியோ, இன்ஸ்டாகிராமில் ஒரு மணப்பெண் அலங்காரத்தைப் பார்த்தோ, பக்கத்து வீட்டு அக்கா சொல்லியோ அவர் வந்து சேர்கிறார். அப்படி வந்தவரின் தயக்கத்தைத் தீர்த்து நாற்காலி வரை அழைத்துப்போவதுதான் இணையதளம் செய்ய வேண்டியது.

நம் ஊர்களில் பெண்களுக்கான பார்லர் பல நேரங்களில் மாடியில் இருக்கும். கண்ணாடிக் கதவில் உள்ளே தெரியாதபடி தாள் ஒட்டியிருப்பார்கள். கதவுக்குப் பின்னால் ஒரு திரையும் தொங்கும். முதல் முறை வருபவருக்குப் படியில் நிற்கும்போதே மூன்று கேள்விகள் எழுகின்றன: எவ்வளவு ஆகும், கை நன்றாக இருக்குமா, இப்போது போனால் உடனே உட்காரவைப்பார்களா. உள்ளே போய் விலையைக் கேட்டுவிட்டு “வேண்டாம்” என்று திரும்பி வரக் கூச்சமாக இருப்பதால், பலர் படியேறாமலே போய்விடுகிறார்கள். விலைப்பட்டியல், படத்தொகுப்பு, முன்பதிவுப் பொத்தான் ஆகிய மூன்றும் இந்த மூன்று கேள்விகளுக்கு இதே வரிசையில் சொல்லப்படும் பதில்கள். வரிசை மாறினால் பதில் இருந்தும் பயனில்லை. விலை தெரியாதவர் பொத்தானைத் தொடமாட்டார்.

விளக்கத்துக்காக மதுரையில் ஒரு சிறிய பார்லரைக் கற்பனை செய்துகொள்வோம். இரண்டு நாற்காலிகள், நடத்துபவர் ஒருவர், உதவிக்கு ஒரு பெண். புருவம் திருத்துதல், முடி வெட்டுதல், ஃபேஷியல், ஸ்மூத்தனிங், முகூர்த்த நாட்களில் மணப்பெண் அலங்காரம் ஆகியவை அங்கே நடக்கின்றன. இந்த அளவுக்கு ஒரே ஒரு பக்கம் போதும். ‘எங்களைப் பற்றி’, ‘எங்கள் நோக்கம்’ என்று தனித்தனிப் பக்கங்கள் போடச் சொல்பவர்கள் உண்டு. பேருந்தில் நின்றுகொண்டு ஒரு கையில் போனைப் பிடித்திருப்பவருக்கு அவற்றால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

விலைப்பட்டியல்: அட்டையைப் படம் பிடித்துப் போடுவது பட்டியலாகாது

பலர் செய்யும் முதல் தவறு, சுவரில் மாட்டியிருக்கும் அச்சிட்ட விலை அட்டையைப் போனில் படம் பிடித்து அப்படியே தளத்தில் ஏற்றிவிடுவது. போன் திரையின் அகலத்துக்கு அந்த அட்டை சுருங்கும்போது எழுத்துகள் எறும்பு அளவுக்கு ஆகிவிடும். விரலால் பெரிதாக்கினால் சேவையின் பெயர் இடப்பக்கமும் விலை வலப்பக்கமும் திரைக்கு வெளியே போய்விடும். விலை மாறினால் அட்டையை மீண்டும் அச்சிட்டுப் படம் எடுக்க வேண்டும் என்பதால், பழைய விலையே பல மாதம் தளத்தில் நிற்கும். பிடிஎஃப் கோப்பாகப் போடுவதும் ஏறக்குறைய இதே கதைதான். பட்டியல் எழுத்தாகவே பக்கத்தில் இருக்க வேண்டும்.

சேவைகளின் பெயரை வாடிக்கையாளர் வாயில் வருவது போலவே எழுதுவது நல்லது. ‘ஐபுரோ’ என்று கேட்டு வருபவரிடம் ‘புருவ வடிவமைப்பு’ என்று காட்டினால் அவர் ஒரு கணம் நின்று யோசிக்க வேண்டியிருக்கும். அதே போல, தயாரிப்பு நிறுவனங்கள் தங்கள் ஃபேஷியல்களுக்குச் சூட்டியிருக்கும் அலங்காரப் பெயர்களை மட்டும் போட்டால், எது எதற்கு என்று யாருக்கும் விளங்காது. பெயருக்குக் கீழே “வெயிலில் கறுத்த முகத்துக்கு” என்பது போல ஒரு சிறிய வரி இருந்தால் போதும்.

சிக்கல் எழுவது விலையில்தான். ஸ்மூத்தனிங்கை எடுத்துக்கொள்வோம். மருந்து எவ்வளவு செலவாகும் என்பது முடியின் நீளத்தையும் அடர்த்தியையும் பொறுத்தது என்பதால், ஒரே விலை சொல்ல முடியாது என்று நடத்துபவர் சொல்வார், அது நியாயமே. ஆனால் அதற்காக “ஸ்மூத்தனிங் – ரூ.3,500 முதல்” என்று எழுதினால், இடுப்பு வரை முடி உள்ளவர் 3,500 ரூபாயை மனத்தில் வைத்துக்கொண்டு வந்து, நாற்காலியில் உட்கார்ந்த பிறகு 6,000 என்று கேட்டு முகம் சுளிப்பார். “விலைக்கு அழைக்கவும்” என்று எழுதுவது அதைவிட மோசம். தளத்துக்கு வந்ததே அழைக்கும் கூச்சத்தைத் தவிர்க்கத்தான். இப்படிப் பிரித்து எழுதினால் சிக்கல் தீர்கிறது:

ஸ்மூத்தனிங் (சுமார் 4 மணி நேரம்)
தோள் வரை – ரூ.3,500
நடு முதுகு வரை – ரூ.4,500
இடுப்பு வரை – ரூ.6,000
முடி மிக அடர்த்தியாக இருந்தால் தொடங்கும் முன்பே கூடுதல் தொகையைச் சொல்லிவிடுவோம்.

‘குட்டை, நடுத்தரம், நீளம்’ என்று எழுதாமல் உடம்பின் அளவைச் சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். தன் முடி நடுத்தரமா நீளமா என்பது யாருக்கும் உறுதியாகத் தெரியாது. தோள் வரையா, இடுப்பு வரையா என்பது கண்ணாடி பார்க்காமலே தெரியும். அடைப்புக்குறிக்குள் உள்ள நேரமும் வெறும் தகவல் அன்று. குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைத்து வர வேண்டியவர் மதியம் ஒரு மணிக்கு ஸ்மூத்தனிங்குக்கு வரக்கூடாது என்பதை அந்த ஒரு வரி முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

மணப்பெண் அலங்காரத்துக்கு விலையைவிட, அதில் என்னென்ன அடங்கும் என்பதே முக்கியம். சேலை கட்டிவிடுவது, சடை அலங்காரம், முகூர்த்தத்துக்கும் வரவேற்புக்கும் தனித்தனி ஒப்பனையா, முன்கூட்டியே ஒத்திகை உண்டா, மண்டபம் வெளியூரில் இருந்தால் பயணச் செலவு யாருடையது ஆகிய ஐந்தையும் எழுதிவிட்டால், பிறகு நடக்கும் பேரத்தில் பாதி நடக்காமலே போகும்.

இதுவரை பார்த்தது இவ்வளவே: பட்டியல் எழுத்தாக இருக்க வேண்டும், சேவையின் பெயர் வாடிக்கையாளர் சொல்வது போல இருக்க வேண்டும், விலை அவர் தம் நிலையைப் பொருத்திப் பார்த்துக்கொள்ளும்படி பிரிந்திருக்க வேண்டும்.

படத்தொகுப்பு: கைவேலைக்குச் சாட்சி

தையற்கடை வாசலில் தைத்து முடித்த ரவிக்கைகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். அதைப் பார்ப்பவர் கடையின் அலங்காரத்தைப் பார்ப்பதில்லை. கழுத்து வெட்டையும் கை மடிப்பையும் பார்க்கிறார். படத்தொகுப்பும் அப்படித்தான் வேலை செய்கிறது. நாற்காலி, கண்ணாடி, விளக்கு ஆகியவற்றின் படம் ஒன்றோ இரண்டோ இருக்கலாம். மற்றவையெல்லாம் அந்தக் கடையில், அந்தக் கையால் செய்த வேலையாக இருக்க வேண்டும். இணையத்திலிருந்து எடுத்த விளம்பரப் பெண்களின் படங்களைப் போடுவது வேறொரு தையற்காரர் தைத்ததை வாங்கித் தொங்கவிடுவது போன்றது. பார்ப்பவருக்கு அது உடனே தெரிந்தும் விடுகிறது.

நம்பத்தக்க படத்துக்கு விலையுயர்ந்த கேமரா தேவையில்லை. ஜன்னலோரம் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, வேலைக்கு முன்னும் பின்னும் அதே இடத்தில், அதே தூரத்தில், ஃபில்டர் எதுவும் போடாமல் எடுத்தால் போதும். ‘முன்’ படத்தை மங்கிய டியூப் லைட்டிலும் ‘பின்’ படத்தை வட்ட விளக்கின் வெளிச்சத்திலும் எடுத்தால், மாற்றம் வேலையால் வந்ததா விளக்கால் வந்ததா என்ற ஐயம் எழும். படத்தில் இருப்பவரின் சம்மதத்தை வாட்ஸ்அப்பில் எழுத்தாகப் பெற்றுக்கொள்ள வேண்டும். முகம் காட்ட விருப்பமில்லாதவரின் கூந்தலைப் பின்னாலிருந்து எடுக்கலாம். ஸ்மூத்தனிங்குக்கு அந்தக் கோணமே சிறந்தது.

ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும், விலைப்பட்டியலில் உள்ள அதே பெயர் இருக்க வேண்டும்: “ஸ்மூத்தனிங், நடு முதுகு வரை, ரூ.4,500.” படத்தைப் பார்த்து ஆசைப்பட்டவர் மீண்டும் மேலே போய் விலையைத் தேட வேண்டிய தேவை இதனால் இல்லாமல் போகிறது. இவ்வளவு எளிய காரியத்தை ஏன் இத்தனை தளங்கள் செய்வதில்லை என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இனிப் படத்தின் எடை. போன் கேமராவில் எடுத்த ஒரு படம் சுமார் 4 எம்பி இருக்கும். அப்படிப் பன்னிரண்டு படங்களை அப்படியே ஏற்றினால் 48 எம்பி ஆகிறது. வினாடிக்கு ஒரு எம்பி இறங்கும் இணைப்பில் அத்தனையும் தெரிய 48 வினாடிகள் ஆகும். அதற்குள் அவர் அடுத்த பார்லரின் பக்கத்துக்குப் போயிருப்பார். அதே படங்களின் அகலத்தை 900 பிக்சலுக்குச் சுருக்கிச் சேமித்தால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 150 கேபி அளவுக்கு வந்துவிடும். பன்னிரண்டும் சேர்ந்து 2 எம்பியைத் தாண்டாது. போன் திரையில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது.

```html
<img src="smoothening-03.jpg" width="900" height="1200"
     loading="lazy" alt="ஸ்மூத்தனிங், நடு முதுகு வரை"
     style="max-width:100%; height:auto">
```

இதில் `loading="lazy"` என்பது, பார்ப்பவர் அந்தப் படத்தை நெருங்கும்போது மட்டும் அதை இறக்கச் சொல்கிறது. பக்கத்தின் உச்சியில் இருக்கும் முதல் படத்துக்கு மட்டும் இதைப் போடக்கூடாது; போட்டால் அதுவும் தாமதமாகும். அகல உயர எண்கள், படம் வந்து சேரும் முன்பே அதற்கான இடத்தை ஒதுக்கிவைக்கின்றன. அவை இல்லாவிட்டால் படம் வரும்போது பக்கம் குதிக்கும். `style` பகுதி, படம் போன் திரையின் அகலத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறது; அது இல்லாவிட்டால் 900 பிக்சல் படம் திரைக்கு வெளியே நீளும். பக்கம் குதித்தால் ‘ஐபுரோ’வைத் தொடப் போன விரல் ‘மணப்பெண் அலங்கார’த்தில் விழும்.

பொத்தான்: வாக்குறுதியும் அதன் பின்னால் நடப்பதும்

மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் பகுதி இதுவே. ‘புக்கிங் பட்டன்’ என்று எல்லோரும் ஒரே பெயரால் அழைப்பது உண்மையில் இரண்டு வெவ்வேறு விஷயங்களை. ஒன்று, கோரிக்கை: “சனிக்கிழமை 11 மணிக்கு வரலாமா?” என்று கேட்பது. மற்றொன்று, உறுதியான முன்பதிவு: காலியாக உள்ள நேரங்களைக் காட்டி, தேர்ந்தெடுத்த கணமே அந்த இடத்தை ஒதுக்குவது. திருமண மண்டபத்துக்குப் போய்த் தேதி இருக்கிறதா என்று விசாரிப்பதற்கும், முன்பணம் கட்டி ரசீது வாங்குவதற்கும் உள்ள வேறுபாடுதான் இது.

கோரிக்கை மட்டும் அனுப்பும் பொத்தானின் மேல் “புக் நவ்” என்று எழுதினால், தொட்டவர் தமக்கு இடம் உறுதியாகிவிட்டது என்று நினைத்து நேரே வந்து நிற்பார். அங்கே நாற்காலியில் வேறொருவர் இருப்பார். “வாட்ஸ்அப்பில் நேரம் கேட்க” என்று எழுதினால் நடக்கப்போவது என்னவென்று தொடும் முன்பே தெரிந்துவிடும்.

நம் இரண்டு நாற்காலிப் பார்லருக்குக் கோரிக்கையே போதும் என்பது என் கருத்து. உறுதியான முன்பதிவுக்கு ஒவ்வொரு சேவைக்கும் எவ்வளவு நேரம், எந்த நாற்காலி, யார் கை என்பதையெல்லாம் ஒரு நாட்காட்டியில் விடாமல் பராமரிக்க வேண்டும். தொலைபேசியில் வரும் முன்பதிவை நோட்டிலும், இணையத்தில் வருவதை நாட்காட்டியிலும் எழுதினால் ஒரே நேரத்துக்கு இருவர் வந்து சேர்வது நிச்சயம். அந்த ஒழுங்கு பழகும் வரை வாட்ஸ்அப்பே பாதுகாப்பானது.

வாட்ஸ்அப் இணைப்பு என்பது ஓர் இணைய முகவரி. அதில் பார்லரின் எண்ணும், வாடிக்கையாளர் அனுப்ப வேண்டிய செய்தியின் தொடக்கமும் அடங்கியிருக்கும். தொட்டதும் அவருடைய வாட்ஸ்அப்பில் அந்தச் செய்தி தட்டச்சு செய்யப்பட்ட நிலையில் திறக்கும். அனுப்பும் அம்புக்குறியை அவரே அழுத்த வேண்டும்.

```html
<a href="https://wa.me/91XXXXXXXXXX?text=இணையதளம்:%20ஸ்மூத்தனிங்,%20நடு%20முதுகு%20வரை.%0Aவர%20நினைக்கும்%20நாளும்%20நேரமும்:%20">
வாட்ஸ்அப்பில் நேரம் கேட்க</a>
```

`%20` என்பது சொற்களுக்கு நடுவே இடைவெளி. `%0A` என்பது அடுத்த வரி. எண்ணை நாட்டுக் குறியீடான 91-உடன் தொடங்க வேண்டும். முன்னால் கூட்டல் குறியோ சுழியமோ, நடுவில் இடைவெளியோ கோடோ கூடாது. சேவையின் பெயரில் `&` குறி வந்தால் செய்தி அந்த இடத்திலேயே அறுந்துவிடும்; ஆகவே ‘ஹேர் வாஷ் & கட்’ என்பதை ‘ஹேர் வாஷ், கட்’ என்று எழுதிவிடுவதே எளிது.

ஒவ்வொரு சேவைக்கும் தனிப் பொத்தான் வைத்து, அந்தச் சேவையின் பெயரைச் செய்தியிலேயே ஏற்றுவதுதான் இந்த முறையின் உண்மையான பலம். பொதுவான பொத்தானாக இருந்தால் “ஹாய்” என்று ஒரு செய்தி வரும். “சொல்லுங்க மேடம்” என்று பதில் போகும். “ரேட் என்ன” என்று கேள்வி வரும். நான்காவது செய்திக்குள் ஒருவர் வேறு வேலைக்குப் போய்விடுவார். சேவையும் நீளமும் முதல் செய்தியிலேயே இருந்தால், நடத்துபவர் நேரத்தை மட்டும் சொன்னால் போதும். மணப்பெண் அலங்காரத்துக்கான பொத்தானில் ‘முகூர்த்த நாள், முகூர்த்த நேரம், மண்டபம் உள்ள ஊர்’ என்று மூன்று வெற்றிடங்களை வைக்கலாம். அதிகாலை நான்கரை மணி முகூர்த்தம் என்றால் நள்ளிரவே மண்டபத்தில் இருக்க வேண்டும் என்பதால், அந்த நேரம் தெரியாமல் “சரி” என்று சொல்லிவிடுவது ஆபத்து.

இவற்றுடன், திரையின் அடியில் எப்போதும் நிற்கும் ஒரு பட்டையில் பொதுவான பொத்தான் ஒன்றும் தொலைபேசிப் பொத்தான் ஒன்றும் இருக்கலாம். கட்டைவிரல் எட்டும் இடம் அதுவே. உயரம் 48 பிக்சலாவது இருந்தால் தவறாமல் தொட முடியும். பக்கத்தின் முடிவில் அந்தப் பட்டைக்குச் சமமான வெற்றிடம் விட மறந்தால், கடைசி வரியாக இருக்கும் முகவரியைப் பட்டை மறைத்துவிடும்.

செய்தி வந்த பிறகு பந்து நடத்துபவரின் கையில் இருக்கிறது. ஃபேஷியல் நடுவே கையில் கிரீமுடன் போனை எடுக்க முடியாது என்பது உண்மையே. வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் தானாகப் போகும் வரவேற்புச் செய்தியை அமைக்கலாம்: “வேலையில் இருக்கிறோம், ஒரு மணி நேரத்துக்குள் பதில் தருகிறோம்.” சொன்ன நேரத்துக்குள் பதில் தர வேண்டும். உறுதி செய்யும் செய்தியில் நாள், நேரம், சேவை, விலை, வரைபட இணைப்பு ஐந்தும் ஒன்றாக இருந்தால், வருபவர் பழைய செய்திகளைத் தேடி அலையமாட்டார்.

பொத்தான் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், அதன் மேல் எழுதியிருப்பதும் தொட்டால் நடப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும்; தொட்டவர் எதை விரும்பினார் என்பதை அதுவே சுமந்து போக வேண்டும்.

எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிப்பது

தளத்துக்கு வந்தவர்களில் எத்தனை பேர் வாடிக்கையாளர் ஆனார்கள் என்ற கணக்கைக் கன்வர்ஷன் ரேட் என்கிறார்கள். 200 பேர் பார்த்து 10 பேர் வந்தால் அது 5 சதவீதம். ஆனால் அந்த ஒற்றை எண் எதையும் திருத்த உதவாது. குழாயில் தண்ணீர் வரவில்லையென்றால், தொட்டியா, வால்வா, குழாயா என்று ஒவ்வொரு மூட்டாகப் பார்ப்பது போல, இதையும் படிப்படியாகப் பார்க்க வேண்டும்.

மேலே காட்டிய செய்தி ‘இணையதளம்:’ என்ற சொல்லுடன் தொடங்கியதற்குக் காரணம் இதுதான். வாட்ஸ்அப்பில் அந்தச் சொல்லைத் தேடினால் தளத்திலிருந்து வந்த கோரிக்கைகள் எல்லாம் வரிசையாகக் கிடைக்கும். ஒரு மாதத்தில் 200 பேர் தளத்தைப் பார்த்ததாகப் பார்வையாளர் கணக்கு சொல்கிறது, கோரிக்கை 6 மட்டுமே வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் விலையோ படமோ தயக்கத்தைத் தீர்க்கவில்லை, அல்லது பொத்தான் வேலை செய்யவில்லை. கோரிக்கை 30 வந்து, நேரில் வந்தவர்கள் 8 பேர் என்றால் தளத்தின் மேல் பழியில்லை. பதில் தாமதமாகப் போயிருக்கிறது, அல்லது கேட்ட நேரங்கள் எல்லாமே நிரம்பியிருந்தன. வந்தவர்கள் விலை கேட்டுத் திரும்பிப் போனால் பட்டியல் பொய் சொல்கிறது என்று பொருள்.

இவ்வளவு சிறிய எண்களை வைத்து ஒரே வாரத்தில் முடிவுக்கு வரக்கூடாது. ஆடியில் கல்யாணம் இல்லை, ஆவணியில் முகூர்த்தம் நெருக்கும். ஆடி மாதக் கணக்கைப் பார்த்துவிட்டு மணப்பெண் படங்களை மாற்றினால் காரணம் ஒன்றாகவும் மருந்து வேறாகவும் போய்விடும். ஒன்றை மாற்றினால் ஒரு மாதமாவது அப்படியே விட்டுப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னதாகச் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. பார்லரின் எண் சேமிக்கப்படாத வேறொருவரின் போனைக் கேட்டு வாங்கி, வைஃபையை அணைத்துவிட்டு, கூகுள் மேப்பிலிருந்தும் இன்ஸ்டாகிராமிலிருந்தும் தளத்தைத் திறந்து, ஒவ்வொரு பொத்தானையும் தொட்டுச் செய்தியை உண்மையாகவே அனுப்பிப் பார்க்க வேண்டும். இன்ஸ்டாகிராம் இணைப்புகளைத் தன் செயலிக்குள்ளேயே திறப்பதால், குரோமில் ஒழுங்காக நடப்பது அங்கே நடக்காமல் போகலாம். எண்ணில் ஓர் இலக்கம் தவறியிருந்தால் அதுவும் அப்போதே தெரிந்துவிடும்.